பதினொன்று நாற்பதுக்கு மூன்று மண்டபங்களில் அருமைநாயகம்

செங்கலடிச் சந்தியில், பதுளை வீதிப் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, ஒரு தேத்தண்ணிக் கடைக்கும் ஒரு மருந்துக் கடைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது ஸாலிஹாவின் கடை. தட்டச்சு, போட்டோகொப்பி, லெமினேட்டிங், புத்தகம் கட்டுதல் என்று வாசல் பலகையில் எழுதியிருக்கும். வந்தாறுமூலைப் பக்கமிருந்து வருகிற கம்பஸ் பிள்ளைகளுக்கு அந்தப் பலகை தேவையில்லை. அவர்களுக்கு அது ‘கட்டம் ராத்தா கடை’. ராத்தா என்பது ஏறாவூர் முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுகிற பெயர். தமிழ்ப் பிள்ளைகளும் ‘அக்கா’ என்று தொடங்கி ஒரு மாதத்துக்குள் ‘ராத்தா’வுக்கு வந்துவிடுவார்கள். கட்டம் என்பது அவளுக்கு இருந்த வியாதி.

எதைக் கொடுத்தாலும் கட்டம் போட்டுவிடுவாள். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி யார் வீட்டுக்கு எத்தனை வாளி என்று போன வருடம்வரை வாய்ச்சொல்லில் நடந்தது. இப்போது கட்டத்தில் நடக்கிறது. மகள் றிஸ்னாவின் கலியாணத்துக்கும் கட்டம் போட்டாள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன வேலை, யார் செய்வது என்று நான்கு பத்தி. அதைப் போட்டு முடித்தபோதுதான் பன்னிரண்டேகாலுக்கு மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நின்று வரவேற்பவரும் கணவன் அம்ஜத், அதே பன்னிரண்டேகாலுக்குப் பின்வளவில், பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டுகளில் சோறு நிரப்புபவரும் அம்ஜத் என்று தெரிந்தது. ஒரு மாதமாக வீடே கூடிக் கூடிப் பேசிய திட்டம் அது. பேச்சில் யாருக்கும் தெரியவில்லை. கட்டத்தில் ஒரே பார்வையில் தெரிந்தது. அம்ஜத் மட்டும், “அப்ப நான் ரெண்டையும் செய்யாம விட்டுர்றன்” என்று பெருந்தன்மையோடு சொன்னார்.

நாற்பத்தாறு வயதில் இருபத்திரண்டு வருடத்தைத் தட்டச்சிலேயே கழித்தவள் அவள். எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகள் அவளுடைய விரலால் பிறந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் நன்றியுரை இருக்கும். அதில் பேராசிரியர்கள் வருவார்கள், பெற்றோர் வருவார்கள், ஒருவர் தன் பூனைக்குக்கூட நன்றி சொல்லியிருந்தார். ஸாலிஹா வருவது கடைசியில், ‘மற்றும் உதவிய பலருக்கும்’ என்ற இடத்தில். அந்தச் சொற்களையும் அவளேதான் தட்டச்சு செய்யவேண்டும். உள்ளுக்குள் அது அவளுக்கு நன்றாகவே எரியும். வெளியே, “நான் மற்றும் பலர்ல ஒராள்” என்று சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

இந்தக் கடைக்குத்தான் ஒரு திங்கட்கிழமை காலை பேராசிரியர் அருமைநாயகம் வந்தார். ஓய்வுபெற்று ஐந்து வருடம். வாவிக்கரை ஆய்வு வட்டம் என்று ஒரு சங்கம் வைத்திருக்கிறார்; அதன் தலைவர், செயலாளர், பெரும்பாலும் சபையும் அவரே. அந்த வெள்ளியும் சனியும் மட்டக்களப்பு நகரில் வாவியோரக் கட்டடம் ஒன்றில் சங்கத்தின் மாநாடு. நிகழ்ச்சி நிரலை அவர் கைப்பட எழுதியிருந்தார். எட்டுப் பக்கம். எட்டும் உரைநடை.

“பிள்ளை, நிகழ்ச்சி நிரலும் ஒரு இலக்கியம்தான்” என்று தாள்களை மேசையில் வைத்தார். “ஆனா ஆதரவு தாற நிறுவனம் அட்டவணையா வேணுமாம். நேரம், மண்டபம், தலைப்பு, பேச்சாளர். புதன்கிழமைக்கிடையில அனுப்பட்டாம். ரசனை இல்லாத ஆக்கள்.”

“குடுங்க சேர். நான் ரசனை இல்லாம செஞ்சு தாறன்” என்றாள் ஸாலிஹா.

அவர் போனதும் வேலையைத் தொடங்கினாள். அவளுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் தட்டச்சுப் பலகையைத் தொடமாட்டாள். தாளை ஒரு பிரதி எடுத்து, நான்கு நிறப் பேனைகளோடு உட்காருவாள். நேரத்துக்கு ஊதா, மண்டபத்துக்குப் பச்சை, தலைப்புக்கு இளஞ்சிவப்பு, ஆளுக்கு நீலம். நிறம் படாத சொல்லெல்லாம் அட்டவணைக்குத் தேவையில்லாத சொல். அருமைநாயகத்தின் முதல் பக்கத்தில் நிறம் பட்டது ஐந்தே இடம். மிச்சமெல்லாம் தென்றலும் அலையும்.

இரண்டாம் பக்கத்தில் வேலை வந்தது. “தேநீரின் இன்சுவை நாவில் நிற்கும்போதே, பத்து இருபதுக்கு, மூன்று அமர்வுகளும் மூன்று மண்டபங்களில் ஒருங்கே மலரும். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம். பிரதான மண்டபத்தில் இறால், கண்டல், படகு, பாலம் ஆகியன பற்றி முறையே நால்வர் உரையாற்றுவர்” என்று போனது பந்தி. எழுதியிருந்த நேரம் ஒன்றுதான், பத்து இருபது. மற்றதை ஸாலிஹா கூட்டி எடுக்கவேண்டும். முதலாமவர் பத்து இருபது, அடுத்தவர் பத்து நாற்பது, பிறகு பதினொன்று, பதினொன்று இருபது. ஒரு பேச்சுக்கு ஒரு வரி. நான்கு பேரை ஒரு வரியில் அடைப்பது அவளுக்கு ஆகாது.

‘முறையே’ என்ற சொல்லைக் கண்டால் அவள் விரல்விட்டு எண்ணுவாள். தலைப்பு நான்கு என்றால் ஆளும் நான்கு இருக்கவேண்டும். நூலக மண்டபத்தில் தலைப்பு நான்கு, பேர் மூன்றுதான் இருந்தது. ‘வாவிக் காற்று வருடும் மண்டபம்’ என்று இன்னொன்றும் வந்தது. அதோடு மண்டபம் நான்காகிவிட்டது. தொலைபேசியை எடுத்தாள்.

“சேர், காத்து வருடுற மண்டபம் எது?”

“மேல்மாடி மண்டபம்தான் பிள்ளை. கவித்துவமா சொன்னன்.”

“நூலக மண்டபத்தில ஒராள் குறையுது சேர்.”

மறுபக்கம் கொஞ்ச நேரம் தாள் புரளும் சத்தம் கேட்டது. “ஐயோ, ஓட்டமாவடி றிப்ஷான்! அவரை விட்டுட்டன். நல்ல காலம் நீ கேட்டது.”

வெள்ளிக்கிழமைக்கு மட்டும் இருபது வரி வந்தது. தொடக்க விழா, சிறப்புரை, தேநீர், பிறகு மூன்று மண்டபத்திலும் பன்னிரண்டு பேச்சு, பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு, இரண்டரைக்கு வாவியில் படகுப் பயணம். இதுவரை பதினேழு. மற்ற மூன்றையும் எண்ணும்போதுதான் அவள் பேனையைக் கீழே வைத்தாள்.

அந்தப் பந்தி இப்படி முடிந்திருந்தது: “ஒவ்வோர் அமர்வின் நிறைவிலும், மதிய உணவுக்கு முந்திய இருபது நிமிடம், அமைப்பாளர் அருமைநாயகம் தொகுப்புரை வழங்கிச் சபையை மகிழ்விப்பார்.” வாசிக்கும்போது தண்ணீர்போல ஓடியது. வரியாகப் போட்டால், பதினொன்று நாற்பது, பிரதான மண்டபம், அருமைநாயகம். பதினொன்று நாற்பது, மேல்மாடி மண்டபம், அருமைநாயகம். பதினொன்று நாற்பது, நூலக மண்டபம், அருமைநாயகம். பதினேழோடு இந்த மூன்றும் சேர்ந்து இருபது.

கலியாண வீட்டில் அம்ஜத்துக்கு வந்த கதிதான். ஆனால் அம்ஜத் இரண்டு இடத்தில்தான் நின்றார். ஸாலிஹா தனியே இருந்து சிரித்தாள். போட்டோகொப்பி எடுக்க வந்த ஓட்டோக்காரர் சுதாகரன் என்ன என்று கேட்க, “ஒண்டுமில்ல. ஒரே நேரத்தில மூணு இடத்தில நிற்கிற ஒரு அவுலியாவக் கண்டன்” என்றாள்.

அன்று பின்நேரம் மேனுகா வந்தாள். வவுணதீவுப் பக்கத்துப் பிள்ளை. வாவியில் நீர் ஏறும்போது வயல் வட்டைகளுக்குள் உவர் எப்படி ஏறுகிறது என்று ஆய்வு செய்கிறவள். இரண்டு வருடமாக முழங்கால் சேற்றில் நின்று அளந்திருக்கிறாள். முதல் வருடம் பாடத்துக்கு எழுதிய ஒப்படையிலிருந்து அவளுடைய எல்லாவற்றையும் கட்டியது ஸாலிஹாதான்.

“ராத்தா, அருமைநாயகம் சேர்ர மாநாட்டு நிரல் உங்களிட்டத்தான் வந்திருக்காம். என்ர நேரம் எப்ப?”

ஸாலிஹா நிறம் பூசிய தாள்களைப் புரட்டினாள். ஆறாம் பக்கத்தில் நீலம் பூசிய ஒரு பேர் இருந்தது. அந்த வசனம் முழுவதிலும் வேறு நிறமே இல்லை.

“இரிக்கி புள்ள, கேளு. ‘முற்றிய கதிரின் ஓரத்தில் பனித்துளி பூப்பதுபோல், இளம் ஆய்வாளர் மேனுகாவின் குரலும் இம்மாநாட்டின் இடையே அரும்பி, அவிழ்ந்து, மணம் வீசும்.’”

“மறுகா?”

“மறுகா ஒண்டுமில்ல. முற்றுப்புள்ளி.”

மேனுகாவின் முகம் சுருங்கிப்போனது. ஆய்வேட்டைக் கையளிக்க முதல், ஒரு மாநாட்டிலாவது கட்டுரை படித்த சான்றிதழ் காட்டவேண்டும். கடைசித் தவணை இந்த மாத முடிவு. அதற்கிடையில் இந்த மாநாட்டைத் தவிர வேறு இல்லை. தவறினால் இன்னொரு வருடம்.

“கட்டுரைய ஏற்றுக்கொண்டம் எண்டு கடிதம் தந்தவர் ராத்தா. நேரமே இல்லாட்டி நான் எங்க போய் நிண்டு பேசுற?”

சான்றிதழ் எப்படி வரும் என்று ஸாலிஹாவுக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். அந்த வேலையும் அவளிடம்தான் இருந்தது. அட்டவணையில் ஒரு வரிக்கு ஒரு சான்றிதழ். பேரும் தலைப்பும் கட்டத்திலிருந்து தானாகப் போய் விழும். மண்டபக் கதவுகளில் ஒட்டுகிற தாளும் அதே அட்டவணையை மண்டபவாரியாகப் பிரித்து எடுப்பதுதான். வரி இல்லாதவளுக்குக் கதவிலும் இடமில்லை, கையிலும் தாள் இல்லை. உரைநடையில் மேனுகா இருக்கிறாள். பார்ப்பவர்களுக்கு அவளை விட்டுவிட்டதாகவே தோன்றாது. அதுதான் ஸாலிஹாவுக்குக் கோபத்தைக் கிளப்பியது. ‘மற்றும் பலர்’ என்பதற்குப் பனித்துளி என்று பேர் வைத்தால் மட்டும் என்ன, அதுவும் இதுவும் ஒன்றுதானே.

“நீங்களே ஒரு நேரத்தப் போட்டுவிட ஏலாதா ராத்தா?” என்று மேனுகா மெல்லக் கேட்டாள்.

“ஏலாது புள்ள. தெரியாத கட்டத்த நான் நிரப்புறல்ல. அத ஒருக்காச் செஞ்சா மறுகா என்ர கட்டத்த ஒருத்தரும் நம்பமாட்டாங்க.” அவள் கண்ணைச் சிமிட்டினாள். “ஆனா வெறுங் கட்டத்த அவர்ர மூஞ்சிக்கு முன்னால புடிக்க ஏலும்.”

இருபத்தோராவது வரியைப் போட்டாள். நேரம் வெறுமை. மண்டபம் வெறுமை. தலைப்பு வெறுமை. பேச்சாளர் மேனுகா. மூன்று வெறுங் கட்டத்துக்கும் மஞ்சள் பூசினாள். பதினொன்று நாற்பதில் நின்ற மூன்று அருமைநாயகத்துக்கும் சிவப்புப் பூசினாள். வெறுங் கட்டத்துக்கு மஞ்சள் பூசுவது அவளுடைய முறை. சிவப்பில் கொஞ்சம் குறும்பும் இருந்தது.

செவ்வாய் காலை பேராசிரியர் வந்து பிரதியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“இதென்ன பிள்ளை, என்னை மூண்டு இடத்தில போட்டிருக்கு?”

“நான் போடல்ல சேர். நீங்கதான் போட்டிரிக்கிங்க. நான் கட்டம் கட்டின மட்டும்தான்.”

“நான் எழுதேக்க இப்பிடித் தெரியேல்லையே.”

“எழுத்தில தெரியா சேர்.”

அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். மாநாட்டு வேலை என்றால் அவருக்குத் தோற்றுப் பழக்கமில்லை. “சரி, ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வைப்பம். பதினொண்டு நாற்பது பிரதான மண்டபம், பன்னிரண்டுக்கு மேல்மாடி, பன்னிரண்டு இருபதுக்கு நூலகம்.”

ஸாலிஹா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சேர், அண்டைக்கு வெள்ளிக்கிழம.”

“ஓம், வெள்ளிக்கிழமை.”

“ஜும்ஆ சேர்! பன்னிரண்டுக்குப் பாதிச் சபை ஒழும்பிப் பள்ளிக்குப் போயிரும். மிச்சப் பாதி சாப்பாட்டுக்குப் போயிரும். நீங்க கதிரைக்குத்தான் தொகுப்புரை குடுக்கணும்.”

மட்டக்களப்பில் அறுபத்தெட்டு வருடம் இருந்தவருக்கு அது தெரியாமல் இல்லை. அதனால்தான் சாப்பாட்டைப் பன்னிரண்டுக்கே வைத்திருந்தார். தன்னை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

“அப்ப முன்னுக்குத் தள்ளுவம்.”

“முன்னுக்கு ஓட்டமாவடி றிப்ஷான் நிற்காரு. அவரத் தள்ளுவமா?” அவரை ஏற்கெனவே ஒருமுறை மறந்த வெட்கத்தில் பேராசிரியர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

“இந்த மூண்டு கட்டத்தையும் ஒண்டாச் சேர்க்க ஏலாதா? கணினியில செய்யலாம் எண்டு கேள்விப்பட்டனான்.”

“சேர்க்கலாம். பார்க்க வடிவாவும் இரிக்கும். ஆனா கட்டத்தச் சேர்த்தாப்போல மண்டபம் சேராதே சேர். மூணு கதவிலயும் தாள் ஒட்டுவன். மூணு மண்டபத்திலயும் சனம் உங்களப் பாத்துக்கொண்டு இரிக்கும். நீங்க ஒண்டிலதான் இரிப்பிங்க.”

பேராசிரியர் எழுந்து வாசல்வரை போய், பதுளை பஸ் ஒன்று புறப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது. “நான் பிரதான மண்டபத்திலயே நிக்கிறன். நூலகத்தில கலந்துரையாடல் எண்டு போடு. மேல்மாடியிலயும் கலந்துரையாடல் எண்டு போடு.”

ஸாலிஹா நூலகத்தை மாற்றினாள். மேல்மாடியில் கை வைக்கவில்லை. விரல் மஞ்சள் வரிக்குப் போனது.

“இந்தப் புள்ளைக்கு நேரம், மண்டபம், தலைப்பு மூணும் இல்ல சேர்.”

“ஓ, மேனுகா. அது கடைசி நேரத்தில ஏற்றுக்கொண்டது. சனிக்கிழமை முழுக்க அழைப்புப் பேச்சாளர்கள், ஒரே மண்டபம், ஊசி நுழைய இடமில்லை. அடுத்த வருசம் பாப்பம். அந்த வரியை எடுத்துவிடு.”

சொல்லிவிட்டார். ஒரு கட்டளைதான்; விசையொன்றை அழுத்தினால் வரி போய்விடும். அழுத்தவேண்டியவளும் அவள்தான். சண்டை பிடித்தால் இவர் அசையமாட்டார் என்று தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் எழுதுகிறவர்களை அவள் நன்றாகப் படித்து வைத்திருந்தாள். அவர்களுக்கு வலிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்.

“சரி சேர், எடுக்கிறன்” என்றாள் மிகவும் பணிவாக. “வரிய எடுத்தா ஆறாம் பக்கத்து வசனத்தயும் வெட்டணும். நீங்க உரைநடையையும் மாநாட்டு மலரில போடுறிங்கதானே? அதில இரிக்கிற ஆள் அட்டவணையில இல்லாட்டி ஆதரவு தாற ஆக்கள் கேப்பாங்க.”

“எந்த வசனம்?”

ஸாலிஹா தாளை எடுத்துத் தொண்டையைச் செருமினாள். பள்ளிக்கூட விழாவில் வாசிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். “முற்றிய கதிரின் ஓரத்தில்... பனித்துளி பூப்பதுபோல்... இளம் ஆய்வாளர் மேனுகாவின் குரலும்... இம்மாநாட்டின் இடையே... அரும்பி... அவிழ்ந்து... மணம் வீசும்.”

அடையாள அட்டைப் பிரதிக்காக நின்ற சுதாகரன், “அடேயப்பா, ஆர் எழுதின? சோக்கான வசனம்” என்றார். அவரை யாரும் தூண்டிவிடவில்லை. அல்லாஹ்வே அனுப்பியதுபோல் வந்து நின்றார் மனுசன்.

பேராசிரியரின் முகம் சிவந்தது. “சங்கக் கூட்டத்தில இதைத்தான் எல்லாரும் பாராட்டினவை” என்றார் மெல்ல.

“எட்டுப் பக்கத்திலயும் இதான் சேர் நல்ல வசனம்.” இதைச் சொல்லும்போது ஸாலிஹா பொய் சொல்லவில்லை. “வெட்டத்தான் மனம் வருகுதில்ல. என்ன செய்ற?” சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினாள். பேனை முனையை ‘முற்றிய’வின் ‘மு’வில் கொண்டுபோய் வைத்தாள்.

“பொறு பிள்ளை, பொறு!”

பொறுத்தாள்.

“பேரை மட்டும் எடுத்திட்டு வசனத்தை விடலாமே?”

“ஆள் இல்லாட்டி ஆர்ர குரல் சேர் அரும்பும்?”

அவர் அட்டவணையைத் தன் பக்கம் திருப்பினார். பதினொன்று நாற்பது, மேல்மாடி மண்டபம் என்ற கட்டத்தில் விரலை வைத்தார். அங்கே இன்னும் அவருடைய பேர்தான் சிவப்பாக இருந்தது. விரல் கொஞ்ச நேரம் அதிலேயே நின்றது. பாவம், ஒவ்வொரு மண்டபத்திலும் தன் குரல் கேட்கவேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே ஆசை. அது ஸாலிஹாவுக்கும் விளங்கியது.

“அந்தப் பிள்ளையை இதில போடு” என்றார். “இருபது நிமிசம்தான். பன்னிரண்டுக்கு முடிக்கவேணும்.”

“தலைப்பு?”

“அது... உவர் பற்றி ஏதோ.”

“‘உவர் பற்றி ஏதோ’ எண்டு போட ஏலாது சேர்” என்றபடியே தொலைபேசியை எடுத்தாள். மறுமுனையில் மேனுகா தலைப்பை ஒரே மூச்சில் சொன்னாள்: ‘வாவி நீர்மட்ட உயர்வும் வவுணதீவு வயல் வட்டைகளில் உவர் பரவலும்’. கட்டம் நிறைந்தது. மஞ்சள் போனது. அதற்குப் பிறகு மேனுகா தொலைபேசியில் சிரித்தாளா அழுதாளா என்று ஸாலிஹாவுக்குப் பிடிபடவில்லை. “புள்ள, வைக்கிறன், வேல இரிக்கி” என்று வைத்துவிட்டாள்.

கடைசியாக அட்டவணையை நேரப்படி அடுக்கி, ஒரே நேரத்தில் ஒரே பேர் இரண்டு இடத்தில் வருகிறதா என்று பார்த்தாள். இல்லை. இருபது வரியிலும் வெறுங் கட்டம் இல்லை. வாசித்துப் பார்த்த பேராசிரியர், “இதிலயும் ஒரு அழகு இருக்குத்தான்” என்றார். அதை அவர் சொன்னது அவருக்கே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கதவுத் தாள்களை ஒட்டும் சாட்டில் ஸாலிஹாவும் மட்டக்களப்புக்கு பஸ் ஏறினாள். மூன்று கதவிலும் ஒட்டினாள். பதினொன்று நாற்பதுக்கு மேல்மாடி மண்டபத்தின் கடைசிக் கதிரையில் போய் இருந்தாள். பதினெட்டுப் பேர் இருந்தார்கள். யன்னலால் உண்மையிலேயே வாவிக் காற்று வந்தது. அவர் எழுதியதில் அது ஒன்று பிழையில்லை.

மேனுகா முதல் இரண்டு நிமிடம் தாளைப் பார்த்தே வாசித்தாள். பிறகு உவர் ஏறிய வட்டையின் படத்தைக் காட்டியதும் குரல் நிமிர்ந்துவிட்டது. பின்வரிசையில் இருந்த இரண்டு விவசாயிகள் எழுந்து, தங்கள் வயலிலும் இப்படித்தான், கதிர் வரும் நேரத்தில் நுனி கருகுகிறது என்றார்கள். மற்றவர்களின் ஆய்வுக்கு விவசாயிகள் எழுந்து பேசியதை அன்று யாரும் காணவில்லை.

பதினொன்று ஐம்பத்தைந்துக்குக் கதவடியில் ஒரு இரைப்பு. பிரதான மண்டபத்தில் தொகுப்புரையை அவசரமாக முடித்துவிட்டு, படியேறி, பேராசிரியர் அருமைநாயகம் வந்து நின்றார். இங்கேயும் இரண்டு சொல் சொல்லலாம் என்ற நினைப்பு முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கதவுத் தாளைப் பார்த்தார். விரலால் வரியைத் தேடினார். பிறகு கடைசிக் கதிரையில் இருந்த ஸாலிஹாவைப் பார்த்தார். ஸாலிஹா கையால் பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினாள். பேசாமல் வந்து உட்கார்ந்துவிட்டார். வயதான மனுசன், படியேறிய களைப்பு.

கடைசிப் படம் திரையில் விழுந்தது. நன்றி. மற்றவர்கள்போல மேனுகா பந்தி எழுதவில்லை. கட்டம் போட்டிருந்தாள். பேர், இடம், செய்த உதவி, எப்போதிருந்து. வழிகாட்டிய ஆசிரியர், வந்தாறுமூலை, இரண்டு வருடம். தகப்பன், வவுணதீவு, அளவுகோல் நட்டுத் தந்தது, இரண்டு போகம். ஆறாவது வரியில்: ஸாலிஹா, செங்கலடி, தட்டச்சும் அட்டவணையும். நான்காவது கட்டம் வெறுமையாக இருந்தது.

தன் பேரைத் தானே தட்டச்சு செய்யாமல் திரையில் காண்பது ஸாலிஹாவுக்கு இதுதான் முதல் தடவை. கண் நிறைந்துகொண்டு வந்தது. நிறைந்த கண்ணோடும் அவளால் வாயை அடக்க முடியவில்லை.

“புள்ள, கடசிக் கட்டம் வெறுமையா இரிக்கி!” என்றாள் பின்னாலிருந்து. சபை திரும்பிப் பார்த்தது.

“ஓம் ராத்தா” என்றாள் மேனுகா. “முதல் வருசமா, அதுக்கு முந்தியா எண்டு யோசிச்சுப் பாத்தன், எனக்குத் தெரியல்ல. தெரியாத கட்டத்த நிரப்பக்கூடாதெண்டு நீங்கதானே சொன்ன.”

பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்தார். ஸாலிஹா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை ஆட்டினாள். மணி பன்னிரண்டு. பாதிச் சபை ஜும்ஆவுக்கு எழும்பியது, மிச்சப் பாதி சாப்பாட்டுக்குப் போனது. திரையில் அந்தக் கட்டம் யாராவது நிறுத்தும்வரை அப்படியே எரிந்துகொண்டிருந்தது.